விரலுக்கு விடுப்பு

மார்ச் 3, செவ்வாய்

மேட்ச் ஆன இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் பெண்தான் முதலில் எழுத வேண்டும், எழுதாவிட்டால் அந்த மேட்ச் காலாவதியாகிவிடும். நான் வைத்திருக்கும் ஆப்பில் இதுதான் விதி. கண்டவர்களும் வந்து மொய்க்காமல் இருக்கச் செய்த ஏற்பாடு, அந்த மட்டில் நல்லதுதான். ஆனால் இப்போதெல்லாம் மேட்ச் வந்தவுடன் சந்தோஷம் வருவதில்லை. நாளை ராத்திரிக்குள் இவருக்கு என்ன எழுதுவது என்ற கவலைதான் முதலில் வருகிறது. ஆடிட் அலுவலகத்தில் பகலெல்லாம் கெடு தேதிகளோடு மல்லுக்கட்டிவிட்டு வேளச்சேரிக்கு வந்து படுத்தால், கையில் இன்னொரு கெடு.

இன்று நான் ஸ்வைப் செய்வதை நானே கவனித்துப் பார்த்தேன். முதலில் வந்த சிலருடைய புரொஃபைலை முழுக்கப் படித்தேன். ஒருவர் தன் தாத்தாவின் ஹார்மோனியத்தைப் பழுதுபார்க்கக் கற்றுக்கொள்வதாக எழுதியிருந்தார். சிரித்துக்கொண்டே லைக் போட்டேன். அரை மணி நேரம் போன பிறகு எழுத்தைப் படிக்கவே இல்லை. கூலிங் கிளாஸா, வேண்டாம். குரூப் போட்டோவா, வேண்டாம். மலை உச்சியில் கை விரித்து நிற்கிறாரா, வேண்டாம். அந்த ஹார்மோனியக்காரர் இந்த நேரத்தில் வந்திருந்தால் அவருக்கும் இதே கதிதான்.

மார்ச் 5, வியாழன்

தோழி ரேவதியிடம் இதைச் சொன்னபோது, இதை ஆராய்ந்தே பார்த்திருக்கிறார்கள் என்று ஒரு கட்டுரையை அனுப்பினாள். நெதர்லாந்தில் டிலா பிராங்க், யாப் டெனிசன் என்ற இருவர் 2020இல் வெளியிட்டது. டேட்டிங் ஆப்பில் வருவதுபோலவே ஆட்களின் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டி, பிடித்திருக்கிறதா இல்லையா என்று கேட்டிருக்கிறார்கள். முதல் படத்துக்குச் சம்மதம் கிடைக்கும் வாய்ப்போடு ஒப்பிட்டால், கடைசிப் படத்துக்கு வரும்போது அது சராசரியாக 27 சதவீதம் குறைந்துவிடுகிறது. பார்க்கப் பார்க்க மனசு தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறது.

நான் நினைத்தது நேர்மாறாக. நிறையப் பேரைப் பார்த்தால் கண் தேர்ந்துவிடும், தேர்ந்த கண் நல்லவரைச் சட்டென்று கண்டுபிடித்துவிடும் என்றுதான் எண்ணியிருந்தேன். தேர்வு கூர்மையாவதாக அந்தக் கட்டுரை சொல்லவில்லை. பார்க்கிற படங்கள் மீதான திருப்தி குறைகிறது, கூடவே நமக்கு யாராவது அமைவார்கள் என்ற நம்பிக்கையும் குறைகிறது, அதனால்தான் மறுப்பு கூடுகிறது என்கிறது. இரண்டாவதாகச் சொன்ன நம்பிக்கைக் குறைவுதான் என்னைப் பிடித்து நிறுத்தியது. 'இந்த ஊரில் ஒழுங்கான ஆளே இல்லை' என்று நான் முடிவுகட்டுவதெல்லாம் ராத்திரி பதினொன்றரைக்கு மேல்தான். காலையில் மெட்ரோவில் போகும்போது அப்படி ஒருநாளும் தோன்றியதில்லை.

அந்த ஆய்வு ஒரே மூச்சில் வரிசையாகப் பார்ப்பதைப் பற்றியது. மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்பதை அதிலிருந்து எடுக்க முடியாது. அதற்கு நானே என்னைக் கவனித்துப் பார்க்க வேண்டியதுதான்.

மார்ச் 7, சனி

வேலையில் வரும் சோர்வை ஆராய்ந்த உளவியலாளர் கிறிஸ்டினா மாஸ்லாக் அதை மூன்றாகப் பிரிக்கிறார்: உடம்பும் மனசும் வற்றிப்போவது, எதிரில் இருப்பவர்களை மனிதர்களாகப் பார்க்காமல் விலகி நிற்பது, நான் செய்வதில் ஒரு பலனும் இல்லை என்று தோன்றுவது. முதலாவது மட்டும் என்றால் ஒரு வாரம் நன்றாகத் தூங்கினால் சரியாகிவிடும் என்று விட்டிருப்பேன். எனக்கு வந்திருப்பது இரண்டாவது. போன வாரம் வந்த ஒரு மேட்ச்சுக்கு, அதற்கு முன்னால் இன்னொருவருக்கு எழுதிய அதே இரண்டு வரியைக் காப்பி செய்து போட்டேன். பதில் வந்ததும், இவர் எந்த ஊர்க்காரர் என்று மேலே போய்ப் பார்க்க வேண்டியிருந்தது. எதிரில் இருப்பவருக்கும் இது நியாயமில்லை. அவரும் ஒரு நாள் வேலையை முடித்துவிட்டு வந்து உட்கார்ந்து எழுதியவர்தானே.

நாளைக்கு நிறுத்துகிறேன். ஜூன் வரை.

மார்ச் 8, ஞாயிறு

நிறுத்துவது என்றால் போனிலிருந்து ஆப்பைத் தூக்கிவிடுவது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படிச் செய்தால் நம் திரையிலிருந்து ஐகான் மட்டும்தான் போகும். கணக்கு அப்படியே இருக்கும், யாராவது நமக்கு லைக் போட்டுவிட்டுக் காத்திருக்கக்கூடும். ப்ளே ஸ்டோர் வழியாகக் கட்டிய சந்தாவும் மாதாமாதம் தானாகப் புதுப்பித்துக்கொண்டே போகும். கணக்கையே அழித்தால்கூடச் சந்தா தானாக நிற்காது. ஸ்டோருக்குள் போய்த் தனியாக ரத்து செய்ய வேண்டும். எனவே ஐகானைக் கடைசியாக வைத்துக்கொண்டேன்.

பேச்சு நடந்துகொண்டிருந்தவர்களிடம் முதலில் சொன்னேன். 'ஹாய்', 'சாப்டீங்களா' என்பதோடு நின்றுபோன சாட்களுக்கு எதுவும் எழுதவில்லை. அங்கே காத்திருப்பவர் யாரும் இல்லை. கோயம்புத்தூரில் நூற்பு மெஷின்களுக்கு சர்வீஸ் செய்யும் ஒருவரோடு வால்பாறைச் சாலையைப் பற்றியும் அவர் அக்கா குழந்தையைப் பற்றியும் நன்றாகவே பேசியிருக்கிறேன். அவருக்கு எழுதினேன்: 'ஆப் எனக்கு ரொம்ப அலுப்பாயிடுச்சு, கொஞ்ச நாள் நிறுத்துறேன். உங்களால இல்ல. சொல்லாம காணாமப் போக விருப்பமில்ல.' நம்பர் கேட்கவில்லை, கொடுக்கவும் இல்லை. இடைவெளி என்று சொல்லிவிட்டு வாட்ஸ்அப்பில் தொடர்ந்தால் அது இடைவெளி ஆகாது. சாயங்காலம் பதில் வந்திருந்தது: 'சொன்னதுக்கு தேங்க்ஸ்ங்க. பொதுவா யாரும் சொல்றதில்ல.'

அதன் பிறகு செட்டிங்ஸில் புரொஃபைலை மறைத்தேன். பம்பிளில் இதை ஸ்நூஸ் என்பார்கள், ஹிஞ்சில் பாஸ். புதியவர்கள் கண்ணில் படமாட்டோம், ஏற்கனவே ஆன மேட்ச்களும் சாட்களும் அழியாது. அதற்குப் பின் சந்தா. ஐகானைக் கடைசியில் எடுத்தேன்.

மார்ச் 15, ஞாயிறு

மதுரையிலிருந்து அம்மா. ஆப்பை நிறுத்திவிட்டேன் என்றதும், "அப்ப மேட்ரிமோனில நானே பாக்குறேன்டி" என்று முந்தாநாளே உட்கார்ந்துவிட்டிருக்கிறாள். ஒருத்தன்கூடத் தேறவில்லையாம். அவள் தள்ளியவர்களில் விருதுநகர்ப் பையன் ஒருவனைப் பற்றிக் கேட்டேன்.

"அவனா? மூஞ்சியில சிரிப்பே இல்ல."

"எப்பம்மா பாத்த?"

"மத்தியானத்துலருந்து பாத்துக்கிட்டேதான இருக்கேன். கண்ணெல்லாம் எரியுது."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஸ்வைப்பும் இல்லை, இருபத்து நான்கு மணி நேரக் கெடுவும் இல்லை, அம்மாவுக்கு டேட்டிங் ஆப் என்றால் என்னவென்றே சரியாகத் தெரியாது. ஆனாலும் ஆட்களை வரிசையாக அடுக்கி அடுத்தது அடுத்தது என்று காட்டினால், அறுபது வயதுக்காரியின் மனசும் அதே மாதிரிதான் மூடிக்கொள்கிறது. ஆப்பிலிருந்து மேட்ரிமோனிக்கு நானே தாவியிருந்தால் எனக்கு ஓய்வு கிடைத்திருக்காது, இப்போதோ சோர்வை அம்மாவின் தலையில் கட்டியிருக்கிறேன்.

டச்சு ஆய்வையெல்லாம் அவளிடம் சொல்லவில்லை. நாளைக் காலை காபி குடித்துவிட்டு, நீ வேண்டாம் என்று தள்ளியதில் நாலு பேரை மட்டும் திரும்ப எடுத்துப் பார், நாலோடு மூடிவிடு என்றேன். ஜூன் வரைக்கும் யாரிடமும் பேசி வைக்காதே என்றும் சொன்னேன்.

"ஜாதகமாவது வாங்கி வைக்கட்டுமா?"

"வாங்கு. நாலு மட்டும்."