ஜன்னலை அல்ல, கம்பியை அளங்க

துணிக்கடையில போய் ஸ்க்ரீன் வேணும்னு நின்னா, கடைக்காரர் முதலில் கேட்பது "ஜன்னலுக்கா, கதவுக்கா?" என்றுதான். அடுத்த கேள்வி, "கம்பி எத்தனை அடி?" ஆன்லைனில் இந்த இரண்டையும் கேட்க ஆள் கிடையாது. அழகான ஒரு ஃபோட்டோ, அதன் கீழே அஞ்சு அடி, ஏழு அடி, ஒன்பது அடி என்று மூன்று பட்டன், அவ்வளவுதான். கடைக்காரர் கேட்கும் கேள்வியை நாமே நம்மைக் கேட்டுக்க வேண்டியதுதான். ஹாஸ்டலை விட்டு வெளியே வீடு எடுக்கப் போகிறவர்களுக்காக, எங்கள் வீட்டு மேற்கு ஜன்னலை வைத்தே இதைச் சொல்றேன்.

மூணாம் வருஷம் ஐந்து பேர் சேர்ந்து வீடு எடுத்தோம். அட்வான்ஸ் கொடுத்ததிலேயே கை காலி. மதியம் மூன்று மணிக்கு மேல் வெயில் நேராகப் படிக்கிற மேஜையில் விழும். ஸ்க்ரீன் போடலாமா என்று கேட்டதற்கு ஹவுஸ் ஓனர் சொன்னார்: "ஒரு தடவை துளை போட்டுக்கோங்க தம்பி. மாத்தி மாத்திப் போட்டா அட்வான்ஸ்ல கழிச்சுக்குவேன்." அதனால் துளை போடும் முன்னாடியே எல்லாக் கணக்கும் சரியாக இருக்க வேண்டியிருந்தது.

அளக்க ஸ்டீல் டேப் எடுத்துக்கோங்க. அதன் நுனியில் இருக்கிற கொக்கி லேசாக முன்னும் பின்னும் ஆடும். பழுது என்று நினைத்து அதைச் சுத்தியலால் அடித்து இறுக்கிவிடாதீங்க. அந்த ஆட்டம் கொக்கியின் தடிமன் அளவுக்கு வேண்டுமென்றே விட்டது. விளிம்பில் மாட்டி இழுக்கும்போதும் சரி, சுவரில் முட்டி அளக்கும்போதும் சரி, பூஜ்யம் சரியான இடத்தில் வருவது அதனால்தான்.

எங்கள் ஜன்னல் 48 இன்ச் அகலம், 48 இன்ச் உயரம். இந்த எண்ணை வைத்து வாங்கினால்தான் சிக்கல். ஸ்க்ரீன் தொங்குவது ஜன்னலில் இல்லை, கம்பியில். கம்பி இரண்டு பக்கமும் ஆறு இன்ச் நீண்டிருந்தால்தான் ஓரத்தில் வெயில் கசியாது. ஒதுக்கி வைக்கும்போது துணி ஜன்னலை மறைக்காமல் சுவர்ப் பக்கம் போய் நிற்கும். அப்போ கம்பி 60 இன்ச். துணியும் 60 இன்ச் இருந்தால் போர்வையைக் காயப்போட்ட மாதிரி தட்டையாகத் தொங்கும். மடிப்பு விழ, கம்பியைப் போல் குறைந்தது ஒன்றரை மடங்கு துணி வேண்டும். அதாவது 90 இன்ச்.

இப்போ பக்கத்தைப் பாருங்க. நாங்கள் பார்த்த ஸ்க்ரீனின் தலைப்பில் "4 அடி அகலம்" என்று இருந்தது. கீழே விவரப் பட்டியலில் 117 செ.மீ. அதை 2.54-ஆல் வகுத்தால் 46 இன்ச்தான் வருகிறது, 48 இல்லை. இரண்டு துண்டு வாங்கினால் 92 இன்ச், நமக்குப் போதும். ஆனால் ஃபோட்டோவில் இரண்டு துண்டு தொங்கினாலும், விலை ஒரு துண்டுக்காக இருக்கலாம். எண்ணிக்கை என்ற வரியில் 1 என்று போட்டிருந்தால், வரப்போகும் 46 இன்ச் துணி உங்கள் ஜன்னலையே முழுசா மூடாது. விலை மலிவாகத் தெரிகிற இடத்தில் முதலில் இந்த வரியைத் தேடுங்க.

நீளத்துக்கு வருவோம். அஞ்சு அடி என்றால் 60 இன்ச். ஜன்னலின் கீழ் விளிம்பு தரையிலிருந்து 36 இன்ச், மேல் விளிம்பு 84. அதற்கு நாலு இன்ச் மேலே கம்பி போடலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். அப்படியானால் கம்பி 88 இன்ச் உயரத்தில். வளையம் வைத்த ஸ்க்ரீனில் துணி கம்பிக்கு மேலேயும் ஒரு இன்ச் நிற்கும், ஆக மேல் நுனி 89. அதில் 60 போனால் கீழ் நுனி 29 இன்ச்சில் முடியும். ஜன்னலுக்குக் கீழே சுவரை ஒட்டிப் போட்ட மேஜையின் உயரம் 30! துணி மேஜைமேல் மடிந்து கிடந்து, இழுக்கும்போதெல்லாம் பேனாவைத் தள்ளிவிடும். கம்பியை நாலுக்குப் பதில் ஆறு இன்ச் மேலே போட்டோம். கீழ் நுனி 31-க்கு வந்தது, மேஜையைத் தொடவில்லை. துணியின் நீளத்தை நம்மால் மாற்ற முடியாது. துளை போடும் இடத்தை மாற்றலாம். அதனால் எது வாங்கலாம் என்று முதலில் முடிவு பண்ணுங்க, துளையை அதற்கப்புறம் போடுங்க.

தரைவிரிப்புக்கும் இதே கதைதான். நீள அகலத்தை எல்லோரும் பார்ப்பார்கள், தடிமனை யாரும் பார்ப்பதில்லை. கதவு உள்பக்கம் திறக்கிற அறை என்றால், கதவின் அடியில் இருக்கிற இடைவெளியை ஸ்கேலால் அளங்க. இடைவெளி 8 மி.மீ., விரிப்பு 12 மி.மீ. என்றால், ஒவ்வொரு தடவை கதவைத் திறக்கும்போதும் அது சுருண்டுகொண்டு வரும்.

சரி, அளவு தப்பாகப் போனால் திருப்பி அனுப்பலாமே என்பீர்கள். இங்கேதான் ஒரு வித்தியாசம் தெரியணும். நுகர்வோர் பாதுகாப்பு (மின் வணிகம்) விதிகள், 2020-இன்படி, பொருளில் குறை இருந்தாலோ, விளம்பரத்தில் சொன்னபடி இல்லாவிட்டாலோ, விற்பவர் அதைத் திரும்பப் பெற மறுக்கக் கூடாது. பக்கத்தில் போட்ட அளவும் வந்த பொருளும் ஒத்துப்போகவில்லை என்றால் விதி உங்கள் பக்கம். வந்த பொருளும் உங்கள் ஜன்னலும் ஒத்துப்போகவில்லை என்றால், அந்தக் கடையின் சொந்த ரிட்டர்ன் விதி என்ன சொல்கிறதோ அதுதான். அதில் மூன்றைப் பாருங்க: எத்தனை நாள், பணம் திரும்ப வருமா அல்லது மாற்றுப் பொருள் மட்டுமா, பேக்கிங்கும் டேக்கும் அப்படியே இருக்கணுமா. மாற்றுப் பொருள் மட்டும் என்றால், உங்கள் கணக்குத் தப்பும்போது அதே அளவில் இன்னொன்றுதான் வரும். சொன்ன அளவுக்கு வெட்டித் தைத்துத் தருவதைப் பெரும்பாலும் திரும்ப எடுக்கவே மாட்டார்கள்.

அதனால் டேப்பை இரண்டு தடவை எடுக்கணும். வாங்கும் முன் அறைக்கு, பார்சல் வந்ததும் பொருளுக்கு. என் ரூம்மேட் ஏழு அடி கதவு ஸ்க்ரீன் வாங்கினான். 84 இன்ச் வரவேண்டியது. மாட்டுவதற்கு முன் தரையில் விரித்து, சுருக்கத்தைக் கையால் நீவி, இழுக்காமல் அளந்தான். எண்பதரைதான்! பக்கத்தில் ஒரு இன்ச் கூடக் குறைய இருக்கலாம் என்று எழுதியிருந்தது; இதில் குறைவு மூன்றரை. ஆர்டர் போட்ட அன்றே விவரப் பட்டியலை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தான். டேப்போடு சேர்த்து ஒரு ஃபோட்டோ எடுத்தான்.

ரிட்டர்ன் பக்கத்தில் காரணம் கேட்கும் இடத்தில் "அளவு பொருந்தவில்லை" என்று ஒன்று, "விவரத்தில் உள்ளபடி இல்லை" என்று இன்னொன்று. "மச்சான், ரெண்டும் ஒண்ணுதானே?" என்று பக்கத்தில் இருந்தவன் கேட்டான். ஒண்ணு இல்லை. முதலாவது, தப்பு வாங்கியவன் மேல் என்று சொல்கிறது. இரண்டாவது, விற்றவர் மேல். அவன் இரண்டாவதை அழுத்தி ஃபோட்டோவைச் சேர்த்தான். நாலு நாளில் மாற்று வந்தது. அதையும் அளந்தோம்: எண்பத்து மூன்றரை. மாட்டிவிட்டோம்.

ஒருவேளை ஆதாரம் எல்லாம் இருந்தும் மறுத்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கேயும் பக்கத்தில் என்ன போட்டிருந்தது, வந்தது எவ்வளவு என்று இரண்டு எண்ணையும் சேர்த்துச் சொல்லுங்க. துவைத்த பிறகு அளந்தால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. காட்டன் தண்ணீரில் சுருங்கும், "துவைத்ததால் குறைந்தது" என்று சொல்லிவிடுவார்கள். டேக்கை வெட்டுவதற்கு முன்னாடியே அளந்துவிடுங்க.