விளிம்புள்ள டம்ளர்

சட்டையில் காப்பி கொட்டிக்கொண்டதில்தான் இந்தத் தேடல் தொடங்கியது.

தை மாதம், மாரமங்கலத்தில் காப்பிப் பழம் பறிக்கும் கடைசி நாட்கள். மிளகு வாங்கப் போன நண்பரோடு நானும் ஏற்காட்டுக்கு ஏறி, அங்கிருந்து மாரமங்கலம் போயிருந்தேன். சில்வர் ஓக் மரத்தடி வீடொன்றில் ஒரு பாட்டி வெல்லம் போட்ட வரக்காப்பி கொடுத்தார். கொடுக்கும் முன் என்னை ஏற இறங்கப் பார்த்து, "எந்த ஊரு தம்பி, என்ன ஆளுங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் கொடுத்தார். நான் வழக்கம்போல டம்ளரை வாய்க்கு ஒரு சாண் மேலே தூக்கிச் சாய்த்தேன். காப்பி பாதி வாய்க்கும் பாதி கழுத்துக்கும் போனது.

"அதென்ன, மாட்டுக்கு மருந்து ஊத்துற மாதிரி ஊத்துற? வாய் வெச்சுக் குடி" என்றார் பாட்டி.

அப்போதுதான் கையில் இருந்த டம்ளரைக் கவனித்தேன். நேராக வெட்டிவிட்டது போன்ற வாய். எங்கள் வீட்டு டம்ளரில் வெளியே மடிந்து நிற்கும் விளிம்பு இதில் இல்லை. விளிம்பில்லாத டம்ளரை அண்ணாந்து சாய்த்தால் காப்பி சுவரோடு ஒட்டி வழிகிறது. விளிம்பு இருந்தால் அது ஓரத்தில் அறுபட்டு ஒரே தாரையாக விழுகிறது. இந்த விளிம்பு யாருக்காக வந்தது என்று கேட்டுக்கொண்டே மலை இறங்கினேன்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் தெரிந்த பாத்திரக்கடைக்காரர் ஒருவரிடம் போனேன். அவர் ஒரு பித்தளை டம்ளரைக் கையில் உருட்டியபடி, "மெல்லிய தகடு நசுங்காம இருக்க ஓரத்தை மடிக்கணும். சூட்டுல விரல் வைக்கவும் அதுதான் இடம்" என்றார். பிறகு, "ஆனா வாய் வெச்சுக் குடிக்கிறவனுக்கு இவ்வளவு அகல விளிம்பு வேண்டியதில்லை. இது ஊத்திக்கிறவங்களுக்குப் பண்ணினது" என்று சேர்த்துக்கொண்டார். மூன்று காரணங்களும் உண்மையாக இருக்கலாம். என் சட்டை சாட்சி சொன்னது மூன்றாவதற்கு.

ஊற்றிக் குடிப்பதன் வேர் எச்சில். உதடு பட்ட பாத்திரம் எச்சில். அதில் இன்னொருவர் குடித்தால் தீட்டு. ஆனால் எச்சில் எல்லாப் பொருளிலும் ஒன்றுபோல ஒட்டாது என்பது ஆசாரக் கணக்கு. மண்பாண்டம் உறிஞ்சிக்கொள்ளும் என்பதால் தீட்டுப்பட்டால் உடைத்தெறிய வேண்டும். பித்தளையும் வெண்கலமும் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தால் தேறிவிடும். உணவிலும் இப்படித்தான். நீரில் வெந்த சோறு 'பற்று'. அது பட்ட கை, பட்ட இடம், பட்ட ஏனம் எல்லாம் கழுவியாக வேண்டும். பாலும் நெய்யும் அந்த அளவுக்கு ஒட்டுவதில்லை. நாம் சாதாரணமாகச் சொல்லும் 'பத்துப் பாத்திரம்' எண்ணிக்கைப் பத்து இல்லை, இந்தப் பற்றுதான். தினமும் சொன்ன சொல்லின் உள்ளே இது ஒளிந்திருந்தது எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது.

காப்பிக்கு இந்த விதிகளில் இடமே இல்லை. அது புதுச்சரக்கு. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம். டி. காக்பர்ன்தான் சேர்வராயன் மலையில் காப்பியை நட்டவர். நூறாண்டுக்குள் அது கீழே நகரங்களில் குடியேறிவிட்டது. எந்தச் சாத்திரமும் காப்பியை யார் கையால் வாங்கலாம் என்று சொல்லவில்லை. அப்படியிருந்தும் காப்பிக் கடைகளில் 'பிராமணாள்' என்று பலகை தொங்கியது. சில ஓட்டல்களில் உள்ளே தனி இடம், சில இடங்களில் வாசலைத் தாண்டவே அனுமதி இல்லை. ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' நூலை நான் தேடிப் படித்தது இதற்காகத்தான். விதி இல்லாத பானத்துக்கு, பழைய சோற்று விதியைக் கடைக்காரர்களும் வாடிக்கையாளர்களும் சேர்ந்து போர்த்திவிட்டார்கள் என்பது என் முடிவு. பணம் கொடுத்து வாங்கும் இடத்தில் பக்கத்து நாற்காலியில் யார் உட்காருவார் என்று தெரியாது. அந்தப் பயத்துக்குப் பலகை மருந்தானது.

இந்தப் பயத்தை முதலில் பெரிய அரசியலாக்கியவர்களில் ஒருவர் எங்கள் பழைய சேலம் மாவட்டத்துக்காரர். இராசிபுரத்தில் பிறந்த டாக்டர் பி. வரதராஜுலு நாயுடு, சேலத்திலிருந்து 'தமிழ்நாடு' பத்திரிகை நடத்தியவர். திருநெல்வேலிப் பக்கம் சேரன்மாதேவியில் வ. வே. சு. ஐயர் நடத்திய குருகுலத்துக்குத் தமிழ்நாடு காங்கிரஸ் 10,000 ரூபாய் ஒதுக்கி 5,000 கொடுத்திருந்தது. அங்கே இரண்டு பிராமணப் பிள்ளைகளுக்கு மட்டும் தனிச் சாப்பாடு என்று தெரிந்ததும் நாயுடுவும் பெரியாரும் கொதித்தார்கள். பெற்றோருக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன் என்றார் ஐயர். 1925-இல் காந்தி வரை வழக்குப் போயிற்று. ஏற்கெனவே உள்ள அந்த இரண்டு பிள்ளைகளை விட்டுவிடலாம், இனிமேல் யாரையும் அப்படிச் சேர்க்கக் கூடாது என்பது அவர் சொன்ன சமரசம். நாட்டு விடுதலைக்கு ஆள் தயாரிக்க எழுந்த பள்ளி இரண்டு தட்டுகளில் சிக்கிக்கொண்டது. அந்த ஆண்டே ஐயர், பாபநாசம் அருவியில் மகளைக் காப்பாற்றப் போய் உயிரிழந்தார். பலகைச் சண்டை அதன் பிறகும் ஓயவில்லை. 1957-இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் ஓர் ஓட்டலின் 'பிராமணாள்' என்ற சொல்லை அழிக்கப் பெரியார் நடத்திய போராட்டத்தில் மாதக்கணக்கில் ஆட்கள் கைதாகிக்கொண்டே இருந்தார்கள்.

பலகை வைத்தவர்களைப் பேசுவது எனக்கு எளிது, அது என் வீட்டுக் கதை இல்லை. தேநீர்க் கடையின் இரட்டைக் குவளைதான் எங்களுடையது. தலித்துகளுக்குச் சிரட்டை, பிறகு தனியாக ஆணியில் மாட்டிய டம்ளர், குடித்ததும் அவரே கழுவிக் கவிழ்க்க வேண்டும். 1955-இலேயே தீண்டாமையைக் குற்றமாக்கிச் சட்டம் வந்துவிட்டது. இப்போது ஆணி போய்க் காகிதக் கப் வந்திருக்கிறது. எல்லாருக்கும் காகிதக் கப் என்றால் வியாபார வசதி. சிலருக்குக் கண்ணாடி கிளாசும் சிலருக்குக் காகிதக் கப்பும் என்றால் அது பழைய சிரட்டை. கடையில் ஐந்து நிமிடம் நின்றால் தெரிந்துவிடும்.

மலையை இதற்கெல்லாம் அப்பாற்பட்ட இடமாகக் காட்ட எனக்கு ஆசை இருந்தது. பாட்டியின் முதல் கேள்வி அதைக் கெடுத்தது. சேர்வராயன் மலையின் மலையாளி மக்கள், காஞ்சிபுரத்திலிருந்து வந்த மூன்று அண்ணன் தம்பிகளில் மூத்தவர் வழி தாங்கள் என்று சொல்வதை 1909-இல் வெளியான எட்கர் தர்ஸ்டனின் தொகுதிகளே பதிந்திருக்கின்றன. அரசு ஆவணத்தில் பழங்குடி, தங்கள் வாய்க்கதையில் வேளாளர். "என்ன ஆளுங்க?" என்ற கேள்வி அங்கேயும் இருக்கிறது. ஆனால் பதிலைக் கேட்டுக்கொண்டு அவர் எனக்குத் தந்தது வீட்டார் குடிக்கும் அதே டம்ளர். நான் குடித்து முடித்ததும் மற்றவற்றோடு அதே தண்ணீரில் போட்டார்.

போன வாரம் எங்கள் வீட்டுப் பரணில் ஏறினேன். அப்பாயி காலத்தில் தாழ்வாரத்து ஓட்டு இடுக்கில் ஓர் அலுமினிய டம்ளர் செருகியிருக்கும், தோட்ட வேலைக்கு வருகிறவர்களுக்காக. அவர்கள் குடிக்கும்போது அப்பாயி உயரத்திலிருந்து சொம்பைச் சாய்த்து ஊற்றுவார், நானும் ஊற்றியிருக்கிறேன். பழைய அண்டாவுக்குள் அது அப்படியே கிடந்தது. புழுதியைத் துடைத்து, சமையலறை டம்ளர் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எங்கள் டம்ளருக்கு விரல் அகல விளிம்பு, எங்களுக்குள் ஒருவர் எச்சில் ஒருவருக்குப் படாமலிருக்க. அலுமினிய டம்ளருக்கு விளிம்பே இல்லை. அவர்கள் வாய் வைத்தே குடிக்கலாம், அதை எங்களில் யாரும் தொடப்போவதில்லை.