திருடுபோன கேம் கணக்கும் குப்பைத்தொட்டியில் இருந்த மெயிலும்

ஜெர்மனியில் இருக்கும் என் அக்காவின் மகனுக்குப் பதினைந்து வயது. 2025 ஜூன் 15, ஞாயிற்றுக்கிழமை காலை அவனுடைய கேம் கணக்கு திறக்கவில்லை. கடவுச்சொல்லை மாற்றக் கேட்டால் மெயில் எதுவும் வரவில்லை. மத்தியானம் நண்பன் ஒருவன் சொன்னான், சீட் செய்ததற்காக அந்தக் கணக்கு தடை செய்யப்பட்டிருக்கிறது என்று. நான்கு வருடமாகச் சேர்த்த ஸ்கின்கள் எல்லாம் அதில்தான் இருந்தன.

"மாமா, நீங்கள் ஐடிதானே, ஏதாவது செய்யுங்கோ" என்று போன் எடுத்தான். அதற்குள் கேம் நிறுவனத்தின் உதவிப் பிரிவுக்கு மூன்று டிக்கெட் போட்டிருந்தான். ஒன்றில் கெஞ்சல், இன்னொன்றில் கோபம், மூன்றாவதில் "தம்பி விளையாடியிருக்கலாம்". அந்த மூன்றாவதுதான் ஆபத்தானது. கணக்கை இன்னொருவரோடு பகிர்வதே பல நிறுவனங்களின் விதிக்கு எதிரானது. தடையை நீக்கக் கேட்டு எழுதி, தடைக்கு இன்னொரு காரணத்தை நாமே கொடுத்ததாகிவிடும்.

உண்மையில் அவனுக்கு இரண்டு பிரச்சினைகள் இருந்தன. கணக்கு திருடப்பட்டது ஒன்று, திருடியவன் சீட் செய்து தடை வாங்கியது மற்றது. இரண்டையும் ஒரே கடிதத்தில் கலக்கக் கூடாது. கணக்கு உங்களுடையது என்று உறுதியாகும் வரை தடையைப் பற்றி உங்களோடு பேச அவர்களுக்குக் காரணமே இல்லை.

எழுதுவதற்கு முன் அவனுடைய மெயிலைப் பார்த்தோம். திருடன் மெயிலுக்குள்ளும் வந்திருந்தால், நாம் மீட்டெடுக்கும் கணக்கு மறுநாளே திரும்பப் போய்விடும். ஜிமெயிலின் ஃபில்டர் பட்டியலில் அவன் போடாத விதி ஒன்று இருந்தது. கேம் நிறுவனத்திலிருந்து வரும் மெயில் எல்லாம் நேராகக் குப்பைத்தொட்டிக்குப் போகும்படி! கேம் நிறுவனத்தின் மெயில் எதுவும் அவன் கண்ணில் படாததன் காரணம் அதுதான். அந்த விதியை அழித்து, மெயிலின் கடவுச்சொல்லை வேறொரு கணினியிலிருந்து மாற்றி, இரட்டைச் சரிபார்ப்பைப் போட்டோம். முந்தைய நாள் இலவச மோட் ஒன்றை இறக்கிய அவனுடைய கணினியை முழுதாகத் துடைத்து விண்டோஸை மறுபடி போட்டோம்.

குப்பைத்தொட்டியில் எங்களுக்கு வேண்டிய ஆதாரமும் கிடைத்தது. "உங்கள் மின்னஞ்சல் முகவரி மாற்றப்பட்டது" என்ற அறிவிப்பு. ஜிமெயில் குப்பையை 30 நாளில் அழித்துவிடும், ஆகவே முதலில் அங்கே தேடுங்கள். அந்த மெயிலில் `Show original` அழுத்தினால் இப்படி ஒரு வரி தெரியும்:

```
Date: Sat, 14 Jun 2025 23:52:07 +0000
```

ஜெர்மனி நேரத்தில் அது ஞாயிறு அதிகாலை 1:52. நிறுவனங்களின் பதிவுகள் பெரும்பாலும் யூடிசி நேரத்தில் இருக்கும். அதனால் நாமும் யூடிசியில் எழுதினால், உதவிப் பிரிவில் இருப்பவர் சரியான இடத்தை உடனே பார்க்கலாம். "நேற்று இரவு" என்று எழுதினால் அவர் எங்கே தேடுவது?

அடுத்தது, கணக்கு யாருடையது என்பதற்கான சான்று. கணக்குக்குள் இப்போது தெரிவதெல்லாம் திருடனுக்கும் தெரியும். ஸ்கின்களின் ஸ்கிரீன்ஷாட் எதையும் நிரூபிக்காது, நண்பர்களின் சாட்சியும் அப்படித்தான். பழைய தகவல்தான் பேசும். 2021இல் அவன் முதன்முதலில் வாங்கியதற்கு வந்த பில்லின் எண், பணம் கட்டிய அக்காவின் கார்டில் கடைசி நான்கு இலக்கங்கள், கணக்கு தொடங்கிய மெயில் முகவரி, அப்போது வைத்திருந்த பெயர், இணைத்திருந்த கன்சோலின் சீரியல் எண். கார்டின் முழு எண்ணை யாருக்கும் அனுப்பாதீர்கள். உண்மையான உதவிப் பிரிவு அதைக் கேட்காது.

அக்கா வங்கியிடம் சொல்லிப் பணத்தைத் திரும்ப எடுக்கப் பார்த்தார். வேண்டாம் என்றேன். அப்படிப் பணம் திரும்பப் போனாலே கணக்கைப் பூட்டும் நிறுவனங்கள் உண்டு.

புதிய டிக்கெட் போடவில்லை. முதல் டிக்கெட்டிலேயே பத்து வரியில் இவற்றை எழுதி, மற்ற இரண்டையும் மூடச் சொன்னோம். ஐந்தாம் நாள் கணக்கு திரும்பியது. அதற்குப் பிறகே தடைக்கு முறையீடு போட்டோம்: 23:52க்குப் பிறகு நடந்த லாகின்கள் எங்களுடையவை அல்ல, அவற்றின் ஐபி முகவரியையும் சாதனத்தையும் முந்தைய மாதத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள், தடைக்குக் காரணமான ஆட்டம் அந்த நேரத்துக்குப் பிறகா என்று சொல்லுங்கள். சீட் செய்யவில்லை என்று சத்தியம் செய்வதைவிட, அவர்களே சரிபார்க்கக்கூடிய ஒரு கேள்வி பலமானது.

எல்லா இடத்திலும் இது நடக்காது. ஸ்டீமின் வாக் தடையை உதவிப் பிரிவு நீக்குவதில்லை. அந்த அமைப்பே தவறாகப் போட்டிருந்தால் மட்டும்தான் அது போகும். "வேறொருவர் என் கணக்கைப் பயன்படுத்தினார்" என்பதை அங்கே காரணமாக எடுக்க மாட்டார்கள். டிஸ்கோர்டில் "நான் தடையை எடுத்துத் தருகிறேன்" என்று காசு கேட்பவனாலும் அது முடியாது.

மருமகனின் தடை ஒன்பது நாள் கழித்து நீங்கியது. திருடன் வேறு கணக்குக்கு மாற்றிய இரண்டு ஸ்கின்கள் மட்டும் திரும்பி வரவில்லை. அவற்றுக்காக இன்னொரு டிக்கெட் போட்டிருக்கிறான், இந்த முறை நேரத்தை யூடிசியில் எழுதி.