வரிசை எண்

ஒன்றிய ஆசிரியர் முன்னுரிமைப் பட்டியல் ஒன்றைப் பார்த்தேன். வரிசை எண், பெயர், பள்ளி, பிறந்த தேதி, முதலில் பணியில் சேர்ந்த நாள், இந்த ஒன்றியத்தில் சேர்ந்த நாள்.

எப்படிப் பாடம் நடத்துவார் என்பதற்குக் கட்டம் இல்லை.


எல்லாரும் முதலில் பார்ப்பது பிறந்த தேதியைத்தான். தன்னுடையதை இல்லை, தனக்கு மேலே இருப்பவர்களுடையதை.


மே 2020இல் ஓய்வு வயது 58 என்பது 59 ஆனது. பிப்ரவரி 2021இல் 60. மேலே இருந்தவர் இரண்டு வருஷம் கூடுதலாக உட்கார்ந்தார். கீழே இருந்தவர் இரண்டு வருஷம் கூடுதலாகக் காத்திருந்தார். இரண்டு பேருமே எதுவும் செய்யவில்லை.


திசையன்விளைக்குப் போகிற பஸ்ஸில், முன் சீட்டில் ஒரு டீச்சர்.

“என்ன டீச்சர், லிஸ்ட்டு வந்துட்டா?”

“வந்துட்டு அண்ணாச்சி. எனக்கு மேல பதினோரு பேரு. அதுல நாலு பேரு வேண்டாம்னு எழுதிக் குடுத்துருவாவ. ரெண்டு பேரு மே மாசம் ரிட்டயர்டு.”

அப்படியானால் அவருடைய எண் பன்னிரண்டு இல்லை, ஆறு. இந்த ஆறு எந்தத் தாளிலும் அச்சாகவில்லை.


ஏன் பதவி உயர்வு வேண்டாம் என்று எழுதித் தருகிறார்கள்?

பத்து வருஷத்தில் தேர்வு நிலை, இருபதில் சிறப்பு நிலை. பதவி உயராமலே சம்பளம் ஓரளவு ஏறிவிடுகிறது. அதற்குப் பிறகு தலைமையாசிரியர் ஆனால் கையில் கூடுவது கொஞ்சம்தான். அதோடு சேர்ந்து வருவது சத்துணவு, எமிஸ் பதிவு, கட்டட வேலை, பெற்றோர் சண்டை. ஊரும் மாறலாம்.

துறந்தவர் பெயரைத் தாண்டி வரிசை போகிறது. கீழே இருப்பவர் கும்பிடுகிறார்.


கணக்குக்காக இரண்டு பேரை வைத்துக்கொள்வோம். இருவருமே இடைநிலை ஆசிரியர்கள்.

அவர் 2012இல் தகுதித் தேர்வு எழுதி வந்தவர். நேராக ராதாபுரம் ஒன்றியத்தில் சேர்ந்தார்.

இவர் 2008இல் சேரன்மகாதேவி ஒன்றியத்தில் சேர்ந்தவர். உவரியில் வாழ்க்கைப்பட்டு, 2015இல் மாறுதல் வாங்கி ராதாபுரம் ஒன்றியத்துக்கு வந்தார்.

தொடக்கக் கல்வித் துறையில் அப்போது ஒன்றியம்தான் அலகு. ஒன்றியம் மாறினால் புது இடத்தில் கடைசி ஆள். பழைய ஏழு வருஷம் சம்பளத்துக்கு உண்டு, வரிசைக்கு இல்லை. ஆகவே அவர் முன்னால், இவர் பின்னால்.

21.12.2023. அரசாணை எண் 243. ஒன்றிய முன்னுரிமை போய் மாநில முன்னுரிமை வந்தது. இப்போது இவர் முன்னால், அவர் பின்னால்.

1.9.2025. உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்துக்கு முன் சேர்ந்தவரானாலும், பதவி உயர்வு வேண்டுமானால் தகுதித் தேர்வில் தேறியிருக்க வேண்டும். ஓய்வுக்கு ஐந்து வருஷத்துக்கு மேல் இருப்பவர், வேலையில் நீடிக்கவே இரண்டு வருஷத்துக்குள் தேற வேண்டும். 2008இல் சேர்ந்தவருக்கு அந்தத் தேர்வு அப்போது இல்லவே இல்லை. இவர் இன்னும் தேறவில்லை என்றால், மறுபடி அவர் முன்னால்.

இரண்டு பேரும் வகுப்பில்தான் நின்றுகொண்டிருந்தார்கள். வரிசைதான் நடந்தது.


ஒன்றிய முறையில் இடம் மாறியது நஷ்டம். மாநில முறையில் இடம் மாறாதது லாபமில்லை. 2015இல் மாறுதல் மனு எழுதும்போது இதை யார் சொல்லியிருக்க முடியும்?


மாநிலப் பட்டியலில் இன்னொன்றும் இருக்கிறது. கலந்தாய்வில் உங்கள் முறை வரும்போது மிச்சமிருக்கும் ஊர் விழுப்புரமாக இருக்கலாம். உவரியில் வீடு, மாமியார், கடலுக்குப் போகிற வீட்டுக்காரர். ஏற்கலாம், துறக்கலாம்.

துறந்தால் பதிவாவது துறந்தார் என்பது மட்டும். மாமியாருக்கும் அந்தத் தாளில் கட்டம் இல்லை.


இதே கடற்கரையில் தூத்துக்குடி மறைமாவட்டத்துப் பள்ளிகளும் இருக்கின்றன. அரசு உதவி பெறுபவை, சிறுபான்மை நிர்வாகம். அங்கே கதை வேறு.

மலங்கர சிரியன் கத்தோலிக்கக் கல்லூரி வழக்கு, 2006. தகுதி இருந்தால் போதும். தலைமைப் பொறுப்புக்கு யாரை வைப்பது என்பதை நிர்வாகமே முடிவு செய்யலாம், பணிமூப்பு அதைக் கட்டுப்படுத்தாது என்றது உச்ச நீதிமன்றம்.

அரசுப் பள்ளி டீச்சர் அரசாணை படிக்கிறார். நிர்வாகப் பள்ளி டீச்சர் தாளாளர் எப்போது மாறுவார் என்று விசாரிக்கிறார். இரண்டும் ஒரே படிப்புதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆய்வுக்கு அதிகாரிகள் வருகிற வாரத்தில் கோப்புகளை ஒழுங்குபடுத்தித் தந்தவரைத் தாளாளர் மறப்பதில்லை. வருஷம் முழுக்க ஒழுங்காகப் பாடம் எடுத்தவரை அவர் பார்ப்பதே இல்லை. அது தாளாளர் தப்பும் இல்லை, பார்க்கிற இடத்தில் அவர் இல்லை.


தங்கச்சி மகன் சென்னையில் கம்பெனி வேலை.

“உங்க ஆபீஸ்ல லிஸ்ட்டு கிடையாதாடே?”

“இருக்கு மாமா. காட்ட மாட்டாங்க.”

அவன் சொன்னது: எத்தனை பேர் என்பது பணத்தை வைத்து முதலில் முடிவாகும். பிறகு மேனேஜர்கள் ஆளுக்குச் சில பெயரோடு ஓர் அறைக்குள் போவார்கள். உன் மேனேஜர் பேச வேண்டும். மற்ற மேனேஜர் ஒருவருக்காவது உன் பெயர் தெரிந்திருக்க வேண்டும். யாரும் ‘அவனா?’ என்று இழுக்கக் கூடாது.

“மேனேஜர் மாறிட்டார்னா ரெண்டு வருஷம் போச்சு மாமா.”

ஒன்றியம் மாறியவள் இழந்ததைவிடக் குறைவுதான்.


17(பி). ஆசிரியர்கள் இதைத் தாழ்ந்த குரலில்தான் சொல்வார்கள். பெரிய தண்டனைக்கான குற்றச்சாட்டுக் குறிப்பாணை.

அது நிலுவையில் இருந்தால் பதவி உயர்வு நிற்கும். குற்றம் நிரூபணமாக வேண்டியதில்லை, நிலுவையே போதும்.

ஆனால் மொட்டைக் கடிதம் போதாது. வாய்மொழிப் புகாரும் போதாது. ஜானகிராமன் வழக்கில் 1991இல் உச்ச நீதிமன்றம் கோடு கிழித்தது: குறிப்பாணை பிறப்பிக்கப்பட்ட பிறகுதான் நடவடிக்கை தொடங்கியதாகக் கணக்கு. விசாரணை நடக்கிறது என்ற பேச்சை வைத்து நிறுத்தக் கூடாது.

ஆகவே தேதிதான் விஷயம். பட்டியல் ஜனவரி 1 நிலவரப்படி என்றால், குறிப்பாணை டிசம்பரில் வந்ததா பிப்ரவரியில் வந்ததா?

டிசம்பர் கடைசியில் ஒரு குறிப்பாணை வந்தால் கீழே இருப்பவர் யார் என்று பார்க்கத் தோன்றுகிறது. கெட்ட புத்திதான்.


தகுதித் தேர்வுக்கும் அதே தேதி. ஜனவரி 1க்குள் தேறியிருக்க வேண்டும்.


தற்காலிகப் பட்டியல் வெளியானதும் ஆட்சேபணைக்குச் சில நாள் தருவார்கள். பெரும்பாலானவர்கள் தங்கள் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். பெயர் இருக்கும். பக்கத்துக் கட்டத்தில் தப்பு இருக்கும்.

பணிவரன்முறை செய்த நாளைச் சேர்ந்த நாள் என்று ஏற்றியிருப்பார்கள். பட்டப்படிப்பு, பி.எட். பணிப்பதிவேட்டில் ஏறியே இருக்காது. சான்றிதழ் வீட்டில் பீரோவில் பத்திரமாக இருக்கும்.

பஸ் டீச்சர் தன் பணிப்பதிவேட்டைப் பக்கம் பக்கமாக நகல் எடுத்து வைத்திருக்கிறார். ஆட்சேபணை மனுவை நேரில் கொடுத்து, இரண்டாவது பிரதியில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்குவாராம்.

“முத்திர இல்லாம குடுத்தா குடுக்கலன்னு அர்த்தம் அண்ணாச்சி. அந்த கிளார்க்கும் மாறிப் போயிருவாரு.”