சாம்ராட் எந்திரமும் ஐந்து கலையும்

ஜெய்ப்பூர் ஜந்தர் மந்தரின் பெரிய சாம்ராட் எந்திரத்தை முப்பரிமாணத்தில் வரைந்துகொண்டிருந்தபோது, ஆய்வேட்டில் ஒரு பிழையான முடிவை எழுதிவிட இருந்தேன்.

அவ்வெந்திரத்தின் நடுவே 27 மீட்டர் உயர முக்கோணச் சுவர் நிற்கிறது. அதன் சாய்ந்த விளிம்பு வடதுருவத்தை நோக்குகிறது. இருபுறமும் உள்ள கால்வட்ட வில்கள் அவ்விளிம்புக்குச் செங்குத்தான தளத்தில் அமைந்துள்ளன. ஆட்டோகேடில் ஒரு வில்லை வரைந்தால், அது நடப்பு ஆயத்தொகுதியின் XY தளத்தில்தான் விழும். ஆகவே முதலில் அத்தொகுதியைச் சாய்க்க வேண்டும். X கிழக்கு, Y வடக்கு என்று வைத்துக்கொண்டு, தொடக்கப் புள்ளியைச் சாய்விளிம்பில் உள்ள வில்லின் மையத்துக்கு நகர்த்தினேன். பின்னர் இருமுறை சுழற்றினேன்:

```
UCS
X
27
UCS
X
-90
```

முதற்சுழற்சியில் Y அச்சு சாய்விளிம்பின் வழியே ஏறுகிறது. சுவரின் உச்சியில் ஏறும் படிகளை வரைய இத்தளமே போதும். ஒவ்வொரு சுழற்சியும் நடப்புத் தொகுதியிலிருந்தே கணக்கிடப்படுவதால், இரண்டாவது சுழற்சி Z அச்சை விளிம்பின் மீது கிடத்துகிறது. XY தளம் வில்லின் தளமாகிறது. (முந்தைய நாள் சாய்த்த தொகுதி கோப்பிலேயே தங்கியிருப்பதை மறந்து மீண்டும் 27 கொடுத்தால் 54 ஆகிவிடும். அப்பிழை கண்ணுக்குப் பட்டெனத் தெரியும். பெயரிட்டுச் சேமிப்பது நல்லது.)

கண்ணுக்குத் தெரியாத பிழைதான் என்னை வாட்டியது. சுமார் 15 மீட்டர் ஆரமுள்ள வில்லின் மீது அளவைப் புள்ளிகளை வைத்தபோது, காலை ஆறு மணிக் குறியில் எல்லாம் பொருந்தின. நண்பகல் குறியை நெருங்க நெருங்க விலகி, அடியில் 22 மில்லிமீட்டர் வேறுபாடு காட்டின. கட்டுமானம் அமிழ்ந்துவிட்டது என்று ஒரு பத்தியே எழுதிவிட்டேன்.

நெறியாளர் கேட்டது ஒன்றே: "கிழக்கு வில்லிலும் இதே அளவுதானா?" அதே அளவுதான். இரு வில்களும் ஒரேயளவு, ஒரே திசையில் அமிழ்வது இயல்பன்று. விலகலோ X அச்சில் சுழியமாகி, அதிலிருந்து விலகும் தொலைவுக்கு ஏற்ப வளர்ந்தது. அது தளமே X அச்சைப் பற்றிச் சற்று அதிகமாகச் சுழன்றதன் அடையாளம். நூல்களில் படித்த 27 பாகையை நான் தட்டச்சு செய்திருந்தேன். எனது அளவைப் புள்ளிகள் தந்த சாய்வு 26 பாகை 55 கலை. எஞ்சிய ஐந்து கலை 15 மீட்டர் தொலைவில் 22 மில்லிமீட்டர் ஆகிறது.

பின்னர் கோணமே கொடுக்கவில்லை. `UCS` கட்டளையில் `ZA` தெரிவைக் கொடுத்து, வில்லின் மையத்தையும் அதே விளிம்பின் மேல்முனையில் அளந்த புள்ளியையும் சுட்டினேன். இவ்வாறு செய்யும்போது Z மட்டுமே நம் கட்டுப்பாட்டில் இருக்கும். X கிழக்கைத்தான் நோக்குகிறதா என்று பார்த்து, தேவையானால் Z அச்சைப் பற்றித் திருப்ப வேண்டும். வில்லை மீண்டும் வரைந்தேன். இரு பக்கங்களிலும் அந்த வளரும் விலகல் மறைந்து, சுண்ணப்பூச்சின் மேடுபள்ளங்கள் மட்டுமே எஞ்சின. எழுதிய பத்தியை நீக்கிவிட்டேன்.