ஜோடி என்னும் சொல்லின் இரண்டு காலங்கள்

கணினிக்கான ரேம், இன்று பெரும்பாலும் இரண்டு ஸ்டிக்குகளாக ஒரே பிளாஸ்டிக் தட்டில் அருகருகே வைத்து விற்கப்படுகிறது. அந்தப் பெட்டியின் மேல் DDR5-6000 CL30 2x16GB என்பது போன்ற ஒரு வரி அச்சிடப்பட்டிருக்கும். வாங்குபவரின் கண் 6000 என்ற வேகத்திலும் 16 என்ற கொள்ளளவிலும் நிற்க, முன்னால் உள்ள 2 வெறும் எண்ணிக்கையாகக் கடந்து போய்விடுகிறது. ஆனால் அந்த 2தான் 6000 என்ற எண் எதுவரை செல்லும் என்பதை வரையறுக்கிறது. இந்த இரண்டு ஸ்டிக்குகளும் சேர்த்துச் சோதிக்கப்பட்டவை, இவை இரண்டு மட்டும் இருக்கும்போது இந்த வேகம் எதிர்பார்க்கப்படுகிறது என்பதே பெட்டியின் வாக்கு. அதே பெட்டி இன்னொன்றை வாங்கி அருகில் செருகினால் என்ன ஆகும் என்பது குறித்து அது எதுவும் சொல்லவில்லை. கிட் என்று கடைக்காரர்கள் வழங்கும் சொல்லின் முழுப் பொருளும் இந்த வரையறைக்குள் அடங்கியிருக்கிறது.

ரேமை ஜோடியாக வாங்கும் வழக்கம் இதைவிடப் பழையது என்றாலும், அன்று அதற்கிருந்த காரணம் முற்றிலும் வேறு. 486 கணினிகளின் காலத்தில் புழங்கிய 30 முள் சிம் என்னும் சிறு பலகை ஒரே நேரத்தில் 8 பிட்டுகளை மட்டுமே தரக்கூடியது. 486 சிப்போ ஒரே மூச்சில் 32 பிட்டுகளை எதிர்பார்த்தது. ஆகவே நான்கு பலகைகளைச் சேர்த்தே செருக வேண்டியிருந்தது. மூன்று மட்டும் இருந்தால் அந்த வரிசை இயங்காது. பிறகு 32 பிட் தரும் 72 முள் சிம் வந்து, ஒன்றே போதும் என்ற நிம்மதி கிடைத்த வேளையில், 1993இல் வெளியான பென்டியம் 64 பிட் அகலத்தைக் கேட்டது. மறுபடியும் ஜோடி தேவைப்பட்டது. 64 பிட்டையும் தானே தரும் 168 முள் டிம் வந்த பின்னர்தான் ஒற்றைப் பலகையோடு ஒரு கணினி முழுமை பெற்றது. அந்நாளைய ஜோடி, அகலத்தை நிரப்பும் ஜோடி. ஆற்றைக் கடக்க நான்கு பலகை வேண்டிய இடத்தில் மூன்று பலகை கிடந்தால் பாலம் இல்லை என்பதைப் போல, குறை வெளிப்படையாகத் தெரிந்தது. நான்காவதை யாரிடமிருந்து வாங்கினாலும், அளவும் வகையும் பொருந்தினால் பெரும்பாலும் வேலை செய்தது. இன்றைய டிடிஆர்5 ஸ்டிக் ஒவ்வொன்றும் உள்ளே இரண்டு 32 பிட் துணைத்தடங்களாகப் பிரிந்திருப்பதைப் பார்க்கும்போது, பழைய 72 முள் ஜோடி ஒரே பலகைக்குள் குடியேறிவிட்டதோ என்று தோன்றுவதில் வியப்பில்லை. அகலம் பற்றிய கவலை தீர்ந்தது. அதன் இடத்தில் நேரம் பற்றிய கவலை வந்து அமர்ந்தது.

அந்த நேரம் எவ்வளவு சிறியது என்பதை ஒரு கணக்கால் உணரலாம். 6000 என்பது ஒவ்வொரு தரவுக் கம்பியிலும் வினாடிக்கு 600 கோடி முறை பிட் மாறுவதைக் குறிக்கிறது. அதாவது ஒரு பிட்டுக்குக் கிடைக்கும் காலம் ஒரு நானோ வினாடியில் ஆறில் ஒரு பங்கு. மதர்போர்டின் செம்புக் கோட்டில் மின்குறிப்பு அந்த நேரத்துக்குள் ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர்தான் நகரும். ஆகவே பிராசசரிலிருந்து ரேம் வரை செல்லும் பாதையில் எந்தக் கணத்திலும் பல பிட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பயணத்தில் இருக்கின்றன. பாதையில் எங்கே ஒரு கிளை பிரிந்தாலும், அங்கே குறிப்பின் ஒரு பகுதி எதிரொலியாகத் திரும்பி, பின்னால் வரும் பிட்டின் மேல் மோதுகிறது. நான்கு ஸ்லாட் உள்ள இன்றைய மதர்போர்டுகளில் பெரும்பாலானவற்றில் கோடு முதல் ஸ்லாட்டைத் தொட்டுச் சென்று, தொலைவில் உள்ள ஸ்லாட்டில் முடிகிறது. இரண்டு ஸ்டிக் மட்டும் இருந்தால் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாம், நான்காம் ஸ்லாட்டுகளில் செருகும்படி கையேடு சொல்வது, கோட்டின் கடைசி முனையில் ஸ்டிக் இருந்தால் எதிரொலி குறையும் என்பதற்காகத்தான். மீதி இரண்டு ஸ்லாட்டுகளையும் நிரப்பும்போது, நடுவழியில் ஒரு சுமையும் ஒரு கிளையும் ஏற்படுகின்றன.

இனி ஒரு கணினியை எடுத்துக்கொள்ளலாம். ரைசன் 7000 வரிசைப் பிராசசர், நான்கு ஸ்லாட் மதர்போர்டு, மேலே சொன்ன 2x16GB கிட், பயாஸில் EXPO இயக்கப்பட்டு 6000 வேகம். EXPO என்பது ஸ்டிக்கில் உள்ள சிறு நினைவுச் சிப்பில் தயாரிப்பாளர் எழுதிவைத்த வேகம், நேர இடைவெளிகள், மின்னழுத்தம் ஆகியவற்றின் தொகுப்பு. XMP என்பது அதே வேலைக்கு இன்டெல் வகுத்தது. உரிமையாளருக்கு 64 ஜிபி தேவைப்படுகிறது. அவர் அதே பெயர், அதே எண் கொண்ட இரண்டாவது பெட்டியை வாங்கி, காலியாக இருந்த ஸ்லாட்டுகளில் செருகுகிறார். திரை கறுப்பாகவே இருக்கிறது. ஒவ்வொரு கம்பியிலும் குறிப்பை எந்தக் கணத்தில் படிக்க வேண்டும் என்று பிராசசர் தேடிப் பார்க்கும் பயிற்சிக்கு, நான்கு ஸ்டிக் டிடிஆர்5 இருக்கும்போது சில நிமிடங்கள்கூட ஆகலாம் என்பதால், உடனே மின்சாரத்தைத் துண்டிக்காமல் காத்திருப்பது நல்லது. காத்திருந்தும் பயிற்சி தோற்றால் பயாஸ் EXPOவைக் கைவிட்டு, இயல்பு வேகத்துக்கு இறங்குகிறது. அந்த வேகம் 3600.

இதை ஸ்டிக்கின் குறை என்று உரிமையாளர் கருதக்கூடும். ஆனால் ஏஎம்டி தன் விவரப்பட்டியலிலேயே இதை எழுதிவைத்திருக்கிறது. ரைசன் 7000க்கு இரண்டு ஸ்டிக் இருந்தால் 5200, நான்கு ஸ்டிக் இருந்தால் 3600. 6000 என்பதே அந்த வாக்குக்கு அப்பால் தள்ளி ஓட்டுவதுதான். அந்தப் பட்டியலில் இன்னொரு நுட்பம் மறைந்திருக்கிறது. 16 ஜிபி ஸ்டிக் ஒன்றில் வழக்கமாக 8 சிப்புகள் ஒரே அடுக்காக உள்ளன; இந்த அடுக்கை ரேங்க் என்பர். 32 ஜிபி ஸ்டிக்கில் 16 சிப்புகள் இரண்டு ரேங்காக உள்ளன. எனவே நான்கு 16 ஜிபியிலும் இரண்டு 32 ஜிபியிலும் இருப்பது ஒரே 32 சிப்புகள், ஒரே நான்கு ரேங்குகள். அப்படியிருந்தும் முன்னதற்கு 3600, பின்னதற்கு 5200 என்று பட்டியல் சொல்கிறது. சிப்புகளின் எண்ணிக்கையைவிட, அவை எத்தனை ஸ்லாட்டுகளில் பரவியுள்ளன என்பதே வேகத்தை அதிகம் தின்கிறது என்ற முடிவுக்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. இரு தடங்களிலும் சேர்த்து 6000இல் வினாடிக்கு 96 ஜிகாபைட் செல்லக்கூடிய பாதை, 3600இல் 57.6 ஆகச் சுருங்கிவிடுகிறது.

ஒரே கிட்டைச் சேர்ந்த நான்கு ஸ்டிக்குகளுக்கே இந்தச் சிரமம் உண்டு என்றால், வெவ்வேறு கிட்டுகள் கலக்கும்போது இன்னொன்று கூடுகிறது. ரேம் சிப்புகளைச் செய்பவர்களில் முதன்மையானவை சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய மூன்று நிறுவனங்கள். பெட்டியில் பெயர் பொறிக்கும் நிறுவனங்கள் பலவும் இவர்களிடமிருந்து சிப்பு வாங்கிப் பலகை செய்பவை. ஒரே பெயரில், ஒரே பாக எண்ணில் ஆறு மாத இடைவெளியில் வாங்கிய இரண்டு பெட்டிகளில் வேறு வேறு சிப்புகள் இருக்கக்கூடும். ஒரே நிற எண் கொண்ட நூலை இரண்டு சாயத்தொட்டிகளிலிருந்து எடுத்து ஒரே துணியில் நெய்தால், கையில் தெரியாத வேற்றுமை விரித்த துணியில் கோடாகத் தெரிவதை நெசவாளர்கள் அறிவார்கள். அதனால்தான் ஒரு சேலைக்கு வேண்டிய நூல் முழுவதையும் ஒரே தொட்டியிலிருந்து எடுப்பார்கள். ரேமில் அந்தக் கோடு புதுப்பிப்பு நேரத்தில் விழுகிறது. ரேம் சிப்பின் நுண்ணிய மின்தேக்கிகளில் மின்னூட்டம் கசிந்துகொண்டே இருப்பதால் அதை அவ்வப்போது மீண்டும் நிரப்ப வேண்டும். 16 ஜிகாபிட் சிப்புக்கு ஒரு முறை நிரப்பத் தரநிலை தரும் அவகாசம் 295 நானோ வினாடி. திறமான சிப்பு அதைவிடக் குறைவான நேரத்தில் முடித்துவிடும் என்பதால், அதன் கிட் தொகுப்பில் சிறிய எண் எழுதப்பட்டிருக்கலாம். பயாஸ் ஒரு ஸ்டிக்கின் தொகுப்பை எடுத்து நான்குக்கும் பொதுவாக்கினால், மந்தமான சிப்பு வேலை முடியும் முன்னரே அழைக்கப்படுகிறது.

இந்தத் தோல்வி மூன்று வடிவங்களில் வெளிப்படுகிறது. கணினி எழவே மறுப்பதும், மெதுவான வேகத்துக்கு இறங்குவதும் நேர்மையான வடிவங்கள். மூன்றாவது வடிவமே அஞ்சத்தக்கது. கணினி 6000இல் எழுந்து, பல நாள் ஓடி, சில நேரம் பிரித்தெடுக்கும் சுருக்கக் கோப்பு கெட்டிருப்பதாகச் சொல்லும், அல்லது உலாவியின் ஒரு பக்கம் காரணமின்றி மூடிக்கொள்ளும். உரிமையாளர் குற்றத்தை விண்டோஸ் மேல் சுமத்துவார். டிடிஆர்5 சிப்புகளுக்குள்ளேயே பிழைதிருத்தம் இருக்கிறதே என்று ஆறுதல் கொள்ளவும் வழியில்லை. அது சிப்பின் உள்ளே சேமித்ததைத் திருத்துமே தவிர, வழியில் கம்பியில் சிதைந்த பிட்டை அறியாது. ஆகவே கலந்த ரேமைச் சோதிக்காமல் நம்பக் கூடாது. பென்டிரைவிலிருந்து எழும் MemTest86 கருவியை இரவு முழுதும் ஓடவிட்டு, ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த வேகத்தைக் கைவிட வேண்டும். எந்த ஸ்டிக் எந்த வேகத்தில் ஓடுகிறது என்பதை விண்டோஸ் பவர்ஷெல்லில் இப்படிக் காணலாம்:

```
Get-CimInstance Win32_PhysicalMemory |
 Select DeviceLocator, PartNumber, ConfiguredClockSpeed
```

சிப்பைச் செய்தவரின் பெயரை CPU-Z கருவியின் SPD பக்கம் காட்டுகிறது. இரண்டு கிட்டுகளிலும் அது வேறுபட்டால் 6000க்கான நம்பிக்கையை அப்போதே தளர்த்திக்கொள்ளலாம்.

நான்கு ஸ்டிக்குகளையும் வைத்துக்கொள்ள வேண்டிய நிலையில், ஒரு கிட்டின் இரண்டு ஸ்டிக்குகளை A2, B2 ஸ்லாட்டுகளிலும் மற்றதன் இரண்டை A1, B1இலும் செருகி, இரு தடங்களும் ஒரே அமைப்பில் இருக்கும்படி செய்வது முதல் படி. பிறகு EXPOவை அணைத்து, 3600இல் பிழையின்றி ஓடுவதை உறுதிசெய்து, அங்கிருந்து 4000, 4400, 4800 என்று படிப்படியாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் சோதித்து, பிழை வந்ததும் ஒரு படி இறங்கி நிற்கலாம். இப்படிக் கிடைக்கும் வேகத்தை இகழ வேண்டியதில்லை. 32 ஜிபி போதாமல் தரவு எஸ்எஸ்டிக்கு வழிந்தால், மிக விரைவான எஸ்எஸ்டியும் வினாடிக்கு 14 ஜிகாபைட் அளவில்தான் தரும், 57.6 அதைவிடப் பலமடங்கு. வேகமும் கொள்ளளவும் இரண்டுமே தேவை என்றால், மதர்போர்டு தயாரிப்பாளர் சோதித்து வெளியிடும் பட்டியலில் இடம்பெற்ற ஒரு 2x32GB கிட்டை வாங்கி, பழையதை எடுத்துவிடுவதே பாதுகாப்பான வழி. இன்னும் மிகுதி வேண்டுவோருக்கு 24 ஜிகாபிட் சிப்புகளால் ஆன 2x48GB கிட்டும் உண்டு. நான்கு ஸ்டிக் கட்டாயம் என்றால் நான்கும் சேர்த்துச் சோதித்த ஒரே பெட்டியைத் தேட வேண்டும். அப்போதும் பிராசசரின் பட்டியல் சொல்லும் வரம்பை அந்தப் பெட்டி மாற்றிவிடாது.

எடுத்த பழைய கிட்டை விற்கும்போது, ஒருவருக்கு ஒன்று, இன்னொருவருக்கு ஒன்று என்று பிரிக்காமல், அதே தட்டில், அதே பெட்டியில், இரண்டும் ஒன்றாக ஒரே கணினிக்குப் போகும்படி கொடுப்பது வழக்கமாக வேண்டும்; 6000 என்று அச்சிட்ட அந்தச் சீட்டு அப்போதுதான் அங்கேயும் செல்லும்.