கறுத்துப்போன ராணி கலர் புடவை

இளம்பிள்ளைப் புடவைகளைப் பற்றி எழுதத்தான் போனேன். நண்பர் அறிமுகப்படுத்திய பெண்ணின் வீட்டு முன்னறை முழுக்க அட்டைப்பெட்டிகள். நான் தறியைப் பற்றிக் கேட்டேன். அவரோ கைப்பேசியை நீட்டினார்.

"இதப் பாருங்கண்ணா, இது எங்க ராணி கலர் புடவைன்னு சொன்னா யாராச்சும் நம்புவாங்களா?"

திரை முழுக்கக் கறுப்பு. அதற்குள் மடிப்பு இருக்க வேண்டிய இடங்களில் மட்டும் மங்கிய பச்சைக் கோடுகள். பக்கத்தில் அதே புடவை அச்சிட்ட கேட்லாக்கில் பளிச்சென்று இருந்தது. அச்சுக்குப் போன அதே படத்தைத்தான் ஒரு விற்பனைத் தளத்தில் ஏற்றியிருக்கிறார். இன்னொரு தளம் படத்தை வாங்கவே இல்லையாம். மூன்றாவது தளத்தில் ஏறியது. ஆனால் ராணி கலர் கண்ணைக் குத்தும் ஊதாவாக மாறியிருந்தது. படம் எடுத்து, டிசைன் செய்து, அச்சடித்துக் கொடுத்த ஏஜென்ட், "ஆன்லைனுக்கு மாத்தித் தரணும்னா ஒரு படத்துக்கு அம்பது ரூபா" என்றாராம். மொத்தம் 48 படங்கள்.

தறியை மறந்துவிட்டேன். அவரது பென் டிரைவையும் கேட்லாக்கையும், கறுத்த படத்தை என் கைப்பேசியிலும் வாங்கிக்கொண்டு சேலத்துக்கு வந்தேன். செவ்வாய்ப்பேட்டைச் சந்தொன்றில் ஓர் ஆஃப்செட் அச்சகம். அங்கே கலர் வேலை பார்க்கும் பெரியவருக்கு அறுபது தாண்டியிருக்கும். இளவயதில் சிவகாசியில் கேமரா ரூமில் இருந்தவர். ஒரு வண்ணப் படத்தை நான்கு பிலிம்களாகப் பிரித்து எடுப்பதுதான் அன்று அவர் வேலை. இன்று கம்ப்யூட்டரிலிருந்து நேராக பிளேட் வந்துவிடுகிறது, பிலிம் இல்லை. ஆனால் அவர் சட்டைப்பையில் அந்தக் காலத்து மடக்கு லென்ஸ் இன்னும் இருக்கிறது.

கேட்லாக்கின் மேல் லென்ஸை வைத்து என்னைப் பார்க்கச் சொன்னார். புடவை காணாமல் போய், புள்ளிகள் தெரிந்தன. சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மைகளின் புள்ளிகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு கோணத்தில் சாய்ந்து, சின்னச் சின்னப் பூக்களாகக் கூடியிருந்தன. "திரை வெளிச்சத்தக் கூட்டிக் கலர் காட்டுதுங்க. காகிதம் வெளிச்சத்த மையால தடுத்துக் காட்டுது. அதனால அச்சுக்குப் போற படத்துல நாலு மைக்கும் நாலு கணக்கு எழுதி வைப்போம். அதுதானுங்க சிஎம்ஒய்கே" என்றார்.

பென் டிரைவைச் சொருகிப் படத்தை ஃபோட்டோஷாப்பில் திறந்தார். அதில் ஒரு கோளாறும் தெரியவில்லை. தலைப்புப் பட்டையில் கோப்பின் பெயருக்குப் பக்கத்தில் `CMYK/8` என்றிருந்தது. அதை விரலால் தட்டிக் காட்டினார். திரைக்கான படமாக இருந்தால் `RGB/8` என்றிருக்கும். கோப்புப் பெயரின் வால் இரண்டுக்கும் `.jpg` தான். வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

பிறகு கைப்பேசியில் இருந்த கறுத்த படத்தைக் காட்டினேன். ஒரு நொடிகூட ஆகவில்லை. "பாசிட்டிவ் இருக்க வேண்டிய எடத்துல நெகட்டிவ் போட்டு பிளேட் எடுத்த மாதிரி இருக்குதுங்க" என்றார்.

அவர் சொன்னது வெறும் உவமை இல்லை. ஜேபெக் கோப்பில் நான்கு மைகளின் அளவை 0 முதல் 255 வரையிலான எண்களாக எழுதுகிறார்கள். அடோபி நிறுவனத்தின் மென்பொருள்கள் இதைத் தலைகீழாக எழுதும் வழக்கம் கொண்டவை: 255 என்றால் மையே இல்லை, 0 என்றால் முழு மை. இப்படி எழுதியது அடோபி என்பதற்கு ஒரு சிறு அடையாளமும் கோப்பின் உள்ளே இருக்கும். அந்த அடையாளத்தைப் படித்துத் திருப்பிப்போடும் நிரலில் படம் சரியாக வரும். படிக்காத நிரல் 255 என்பதை முழு மை என்று எடுத்துக்கொள்ளும்.

அந்தப் புடவையையே கணக்குப் போட்டுப் பார்த்தோம். வெளிச்சம் படும் இடத்தில் சயான் 10 விழுக்காடு, மெஜந்தா 95, மஞ்சள் 20, கறுப்பு 0. தலைகீழாகப் படித்தால் சயான் 90, மெஜந்தா 5, மஞ்சள் 80, கறுப்பு 100. கறுப்பு மை நூறு என்று ஆனபின் மற்ற மூன்றும் எதுவாக இருந்தால் என்ன? மிச்சம் இருட்டுதான். ஆழமான மடிப்பில் சயான் 40, மெஜந்தா 100, மஞ்சள் 50, கறுப்பு 60. திருப்பினால் 60, 0, 50, 40. மெஜந்தா அறவே போய், சயானும் மஞ்சளும் சேர்ந்து பச்சை. அந்தப் பெண்ணின் கைப்பேசியில் மடிப்பு மட்டும் பச்சையாகத் தெரிந்த காரணம் இதுதான்.

படத்தை வாங்க மறுத்த தளத்தின் கதை எளிது. திரைக்கு வேண்டியது சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று கணக்கு. மூன்றை எதிர்பார்க்கும் நிரலிடம் நான்கைக் கொடுத்தால் சில திணறும், சில நேராக மறுக்கும். ஜாவாவோடு வரும் பட வாசிப்பான் இப்படிப்பட்ட கோப்பைக் கண்டால் `Unsupported Image Type` என்று நின்றுவிடும். வாலை `.png` என்று மாற்றி ஏற்றிப் பார்ப்பவர்கள் உண்டு, பயனில்லை. உண்மையான பிஎன்ஜியில் சிஎம்ஒய்கேவுக்கு இடமே கிடையாது.

ஊதாவாக மாறிய படம் மூன்றாவது வகை. மை எப்படிப்பட்ட மை, காகிதத்தில் எப்படி விழும் என்ற விவரத்தைக் கோப்புக்குள் ஒரு புரொஃபைல் சொல்லும். அதைப் பார்க்காமல் வெறும் கழித்தல் கணக்கில் மாற்றினால், முழு மெஜந்தா மை 255, 0, 255 என்று கூசும் ஊதாவாகிவிடும். புரொஃபைலைப் பார்த்து மாற்றினால் கிட்டத்தட்ட 236, 0, 140. அதுதான் நம் ராணி கலர். இந்தப் புரொஃபைல் கனமானது. அமெரிக்க அச்சு முறைக்கான, பரவலாகப் பயன்படும் ஒன்று மட்டுமே 540 கேபிக்கு மேல். டிஎன்பிஎஸ்சி விண்ணப்பம் போல 50 கேபிக்குள் படம் கேட்கும் இடத்தில் புரொஃபைலோடு இருக்கும் படத்தை எவ்வளவு சுருக்கினாலும் உள்ளே போகாது.

பெரியவர் `Edit` பட்டியலில் `Convert to Profile` போய், `sRGB` தேர்ந்தெடுத்து, புதுப் பெயரில் சேமித்தார். ஒரு படத்துக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. அதன் மேலேயே `Assign Profile` என்று ஒன்று இருக்கிறது. அதைத் தொடக் கூடாது, அது எண்களை மாற்றாமல் பெயரை மட்டும் மாற்றுவது என்றார். 48 படங்களையும் ஒரே ஓட்டத்தில் மாற்றிவிட்டு டீ சொன்னார். காசு வாங்கவில்லை.

டீ குடிக்கும்போது முகம் மாறியது. "இப்ப ஏறிடுங்க. ஆனா கேமராவுல இருந்த பளபளப்பு திரும்பி வராது" என்றார். மையால் காட்ட முடியாத நிறங்களை சிஎம்ஒய்கேவுக்கு மாற்றும்போதே வெட்டிவிடுகிறோம். ராணி கலரில்தான் அந்த வெட்டு அதிகம் தெரியும். வெட்டியதை எந்த மென்பொருளும் ஒட்டித் தராது. கேமராவிலிருந்து வந்த மூலப் படம் கையில் இருந்தால்தான் உண்டு.

அந்த மூலப் படங்கள் ஏஜென்டிடம் இருக்கின்றன. எனக்குக் கோபம் வந்தது அங்கேதான். புடவை அந்தப் பெண்ணுடையது. படம் எடுக்கவும் அவர்தான் காசு கொடுத்தார். அரை நிமிட வேலைக்கு ஐம்பது ரூபாய் கேட்டவர், அச்சுக் கோப்பை மட்டும் கொடுத்து, தறிக்காரர் திரும்பத் திரும்பத் தன்னிடமே வர வேண்டும் என்று வைத்திருக்கிறார். இதைத் தொழில்நுட்பச் சிக்கல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தெரியாதவரின் தெரியாமையை விற்றுக் காசாக்குவது இது.

கேட்லாக் அடிக்கக் கொடுப்பவர்கள் முன்பணம் கொடுக்கும் நாளிலேயே பில்லில் ஒரு வரி எழுதி வாங்குங்கள்: அச்சுக் கோப்போடு, கேமராவின் ஆர்ஜிபி மூலப் படங்களும் எங்களுக்கே.